லேமினேஷனுக்கு அடியில் ஒரு வரி

வாட்ஸ்அப்பில் வரும் படங்களைத் திறக்கும்போதே எனக்குக் கோபம் தலைக்கேறிவிடும். இரத்தப் பரிசோதனை அறிக்கையைத் தொடையில் வைத்துக்கொண்டு ஓடும் பஸ்ஸில் படம் எடுப்பார்கள். ஸ்கேன் சீட்டின் பாதியைக் கட்டைவிரல் மறைத்திருக்கும். ஒருவர் மருந்துச் சீட்டை மின்விசிறிக்கு நேர் கீழே வைத்து எடுத்து அனுப்பினார். மருந்தின் பெயர் மேல் ஒரு இறக்கையின் நிழல், அளவின் மேல் இன்னொரு இறக்கையின் நிழல். "தெளிவா அனுப்புங்க" என்று பதில் போட்டால், அதே படத்தைத் திரையில் பெரிதாக்கி, அந்தத் திரையைப் படம் பிடித்து அனுப்புவார்கள். அது முதலில் வந்ததைவிட மோசமாக இருக்கும். "இப்ப தெரியுதா மேடம்?" என்று கூடவே ஒரு கேள்வியும் வரும்.

காரைக்காலில் ஒரு டாக்டரம்மாவின் கிளினிக்கில் நோயாளிகளின் பழைய சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. முன்பெல்லாம் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். பிறகு ஒரு மென்பொருள் வாங்கினார்கள். சீட்டின் படத்தைக் கொடுத்தால் அதுவே எழுத்தைப் படித்து, பெயர், வயது, மருந்து, அளவு என்று கட்டங்களை நிரப்பிவிடும். உறுதியாகப் படித்த கட்டம் பச்சையாக இருக்கும், சந்தேகமானது மஞ்சள், படிக்கவே முடியாதது சிவப்பு. நான் சரிபார்த்து ஒரு பொத்தானை அழுத்தினால் டாக்டரம்மாவின் செல்போனுக்குப் போகும். அவர் எங்கிருந்தாலும் அதைப் பார்த்து மருந்து எழுதி ஒப்புதல் கொடுப்பார், பக்கத்து மருந்துக் கடையில் மாத்திரை கிடைக்கும்.

படம் நன்றாக இருந்தால் மென்பொருள் நன்றாகப் படிக்கும், மோசமாக இருந்தால் உளறும். அதனால் படத்தைத் தேற்றும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு அது பிடித்தும் போனது. கோணலாக இருக்கும் பக்கத்தின் நான்கு மூலைகளையும் பிடித்து இழுத்து நேராக்குவேன். ஒரு பக்கம் இருட்டாக இருந்தால் நிழலை எடுத்துவிடுவேன். மங்கிய எழுத்தைக் கறுப்பாக்கி, பழுப்புத் தாளை வெள்ளையாக்கி, மேலே கிடக்கும் தூசிப் புள்ளிகளைத் துடைத்துவிட்டால் சீட்டு இப்போதுதான் அச்சகத்திலிருந்து வந்ததுபோல் ஆகிவிடும். "குப்பையக் குடுத்தாலும் கோயில் சுவராட்டம் வெள்ளையடிச்சிடுவீங்க" என்று மருந்துக் கடைக்காரர் கேலி செய்வார். நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். தலைக்கனம் எனக்கு அப்போது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

என்னால் ஒன்றும் செய்ய முடியாத படங்கள் பெரும்பாலும் கடற்கரைக் குப்பங்களிலிருந்து வரும். காரணம் லேமினேஷன். சுனாமியில் வீட்டோடு எல்லாக் காகிதமும் போய், நிவாரணத்துக்குக்கூட நான் இன்னார் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்லாமல் நின்றவர்கள் அவர்கள். அதன் பிறகு கையில் எந்தக் காகிதம் கிடைத்தாலும் நேராகக் கடைக்குக் கொண்டுபோய் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் ஒட்டிவிடுவார்கள். ரேஷன் கார்டு, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் எல்லாம் சரி. ஆஸ்பத்திரிச் சீட்டையும் ஒட்டுவார்கள். அந்தப் பிளாஸ்டிக் மேல் டியூப் லைட் பட்டால் நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை விழும், ஃபிளாஷ் பட்டால் வட்டமாக ஒரு வெள்ளை. நிழலுக்கு அடியில் எழுத்து மங்கலாகவாவது இருக்கும், தேடி எடுத்துவிடலாம். அந்த வெள்ளைக்கு அடியில் ஒன்றுமே இருக்காது, ஏனென்றால் கேமராவுக்கு அந்த இடத்தில் வெளிச்சத்தைத் தவிர வேறெதுவும் போய்ச் சேர்ந்திருக்காது. இதெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்திருந்தும்தான் அந்த நாள் நடந்தது.

ஐப்பசி மாதம். காலையிலிருந்து விட்டுவிட்டு மழை. பதினோரு மணிவாக்கில் கிளிஞ்சல்மேட்டிலிருந்து ஒரு படம் வந்தது. பெரிய ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் நெஞ்சுக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு ஒரு மாதத்துக்கு முன் வீடு திரும்பிய மீனவர் ஒருவரின் டிஸ்சார்ஜ் சீட்டு. மருமகள் எடுத்து அனுப்பியிருந்தாள். படம் வந்த சூட்டோடு அவர் மனைவியும் மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு கிளினிக்குக்கே வந்துவிட்டார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரில குடுத்த மாத்திரை எல்லாம் நேத்தோட தீந்துபோச்சு தங்கச்சி. இன்னைக்குக் காலைல ஒண்ணும் போடல. சீட்ட அனுப்பிட்டாளாம்ல மருமவ? பாத்து வாங்கிக் குடுத்துடு, பஸ்ஸப் புடிக்கணும்."

"அவர அழைச்சிட்டு வரலையாக்கா?"

"இந்த மழைல எங்கேருந்து? அலைச்சலே கூடாதுன்னு சொல்லிதான் அனுப்புனாங்க."

டாக்டரம்மா அன்று ஊரில் தன் வீட்டில்தான் இருந்தார். ஆனால் மூன்று மணிக்கு உறவுக்காரர் கல்யாணத்துக்குக் கிளம்புவதாகவும், அதற்குள் வருவதைத்தான் பார்க்க முடியும் என்றும் காலையிலேயே சொல்லியிருந்தார். நேரம் நிறைய இருந்தது. நான் படத்தைத் திறந்தேன்.

வழக்கமான கூத்துதான். பாய் மேல் வைத்து, நின்றுகொண்டே சாய்வாக எடுத்திருந்தாள். மேல்பக்கம் அகலம், கீழ்ப்பக்கம் குறுகல். வலது ஓரம் அவள் நிழலிலேயே இருண்டு கிடந்தது. நடுவில் டியூப் லைட்டின் வெள்ளைப் பட்டை ஒன்று வரிகளுக்கு இணையாகப் படுத்திருந்தது. நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்ளாத குறைதான். மூலைகளைப் பிடித்து நேராக்கினேன். நிழலை எடுத்தேன். எழுத்தைக் கறுப்பாக்கி, தாளை வெள்ளையாக்கி, பிளாஸ்டிக்கில் ஒட்டியிருந்த மணல் துகள், காற்றுக் கொப்புளம் எல்லாவற்றையும் துடைத்தேன். ஐந்து நிமிடத்தில் சீட்டு பளிச்சென்று ஆகிவிட்டது. மென்பொருளில் போட்டேன். ஆறு மருந்து, ஆறும் பச்சை.

மருந்துகளை வாய்விட்டு ஒருமுறை படித்துக்காட்டுவது என் வழக்கம். படித்து முடித்ததும் அந்த அக்கா தலையை ஆட்டினார்.

"ஆறா? ஏழுல்ல."

"ஆறுதான்க்கா இருக்கு."

"ஏழு அட்டை தங்கச்சி. நாந்தான தினம் பிச்சிக் குடுத்தேன்?"

"ஒரே மாத்திரைய ரெண்டு அட்டையா குடுத்திருப்பாங்கக்கா. ஒரு அட்டைல பத்துதான இருக்கும்? சீட்டுல ஆறுதான் இருக்கு."

அவர் திரையை எட்டிப் பார்த்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வெள்ளை வெளேரென்று ஒரு பக்கமும் அதில் வரிசையாகக் கறுப்பு எழுத்தும்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். "சீட்டுல இருந்தா சரிதான்" என்று பின்னால் சாய்ந்துகொண்டார்.

அனுப்பும் பொத்தானுக்கு மேல் என் விரல் போய்விட்டது. அழுத்துவதற்கு முன் நான் தேற்றிய படத்தையும் வந்த படத்தையும் மாற்றி மாற்றி ஒருமுறை பார்த்தேன். அதைக் கடமைக்காகச் செய்தேன் என்று சொன்னால் பொய். என் கைவேலையை நானே ரசிப்பதற்குத்தான் அப்படிப் பார்ப்பேன். தைராய்டு மாத்திரை இருந்த வரியில் கண் நின்றது. என் படத்தில் 125 மைக்ரோகிராம் என்று இருந்தது. வந்த படத்தில் இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவே, கீழே, சாம்பல் நிறத்தில் பொட்டுபோல் என்னவோ தெரிந்தது.

மணல் துகளாக இருக்கலாம். அந்தச் சீட்டு முழுக்க அப்படி இருபது பொட்டுகள் இருந்தன. அவற்றோடு சேர்த்து இதையும் நான்தான் துடைத்திருந்தேன். துகள் இல்லையென்றால் அது தசமப் புள்ளி. அப்படியானால் அளவு பன்னிரண்டரை.

பொட்டுத் துடைப்பதை நிறுத்திவிட்டு மறுபடி மென்பொருளில் போட்டேன். 12.5 என்று மஞ்சளில் வந்தது. கறுப்பு வெள்ளையாக்காமல், அந்த வரியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிப் போட்டேன். பன்னிரண்டு தனியாக, ஐந்து தனியாக வந்தது. மங்கிய முகங்களைப் பளிச்சென்று ஆக்கிக் காட்டும் ஒரு செயலி என் செல்போனில் இருந்தது. அதிலும் போட்டுப் பார்த்தேன். விளிம்பெல்லாம் வழுவழுவென்று, அழகாக, 125 என்று கொடுத்தது. அது இருப்பதைப் படிக்கவில்லை, இருக்கக்கூடியதை வரைகிறது என்று எனக்குத் தெரியும். உடனே அழித்துவிட்டேன். ஒரே படம் வைக்கிற விதத்துக்கு ஏற்றபடி பேச்சை மாற்றினால் அந்தப் படத்தில் விஷயமே இல்லை என்று அர்த்தம். எவ்வளவு பெரிதாக்கினாலும் அதில் இல்லாதது வராது.

டாக்டரம்மாவை அழைத்தேன்.

"உங்க கண்ணுக்கு என்ன தெரியுது?" என்று கேட்டார்.

"தெரியல மேடம். ரெண்டா வேணாலும் படிக்கலாம்."

"வருஷக்கணக்கா தைராய்டு மாத்திரை எடுக்கறவரா இருந்தா நூத்தி இருபத்தஞ்சும் இருக்கலாம். இப்பதான் ஆரம்பிச்சிருந்தா பன்னெண்டரையா இருக்கலாம். அதுக்கும் இதுக்கும் பத்து மடங்கு. ஸ்டென்ட் வச்ச நெஞ்சுங்க. பத்து மடங்கு போட்டா தாங்காது. நான் ஊகிக்க மாட்டேன், நீங்களும் ஊகிச்சு அனுப்பாதீங்க. சீட்டப் பாத்து சொல்லுங்க. மூணு மணி வரைக்கும் போன் கையிலதான் இருக்கும்."

அக்காவிடம் கேட்டேன். மாத்திரை எப்போதிருந்து சாப்பிடுகிறார் என்று அவருக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. "சின்னதா, வெள்ளையா, காலைல வெறும் வயித்துல" என்றார். பழைய அட்டை? "காலி அட்டைய வச்சு என்ன பண்றது? கூட்டித் தள்ளியாச்சு." அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். நோயாளி எண் கேட்டார்கள். சீட்டின் மேல்பக்கத்தில் அந்த எண் இருந்த இடத்தில் மருமகளின் கட்டைவிரல் இருந்தது. பெயரைச் சொன்னேன், எண் இல்லாமல் பார்க்க முடியாது, இருந்தாலும் மருந்து விவரத்தைப் போனில் சொல்ல மாட்டோம் என்று வைத்துவிட்டார்கள்.

மருமகளை அழைத்தேன். அந்த எண்ணுக்கு நடுவே புள்ளி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன், "சீட்டு பூராவும் புள்ளியாதான் இருக்குக்கா" என்றாள். இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். எடுத்தாள். அதே டியூப் லைட், அதே பட்டை. லைட்டை அணைத்துவிட்டு எடு என்றேன். அணைத்தாள், ஃபிளாஷ் தானாக எரிந்து நடுவில் சூரியன் உதித்தது. ஃபிளாஷை அணைத்துவிட்டு வாசலுக்குப் போ என்றேன். இருட்டிக்கொண்டு மழை பெய்ததில் வெளிச்சம் போதவில்லை, கையும் ஆடியிருக்கிறது, ஒவ்வொரு எழுத்தும் பக்கத்து எழுத்தின் மேல் ஏறிக்கொண்டது. "டாக்குமென்ட்டா அனுப்பும்மா, அப்பதான் படம் சுருங்காம வரும்" என்றேன். அவளுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. "அக்கா, கைக்குழந்த அழுவுறான்" என்றாள். மணி ஒன்றரை.

எதிரே இருந்தவருக்குப் பொறுமை போய்விட்டது. "என்ன தங்கச்சி இது? அப்பதயே பளிச்சுன்னு வந்துதுல்ல? நானே பாத்தேனே. ஆறு மாத்திரைன்னு படிச்சியே. இப்ப என்னாத்துக்கு மறுபடி மறுபடி போட்டோ? அங்க மனுசன் மாத்திரை இல்லாம உக்காந்திருக்காரு. படிச்சவதான நீ, ஒரு சீட்டப் படிக்க முடியலையா?"

சுருக்கென்று இருந்தது. அவர் மேல் வரவேண்டிய கோபம் முழுக்க என் மேலேயே வந்தது. அந்தப் பளிச்சை உண்டாக்கியவள் நான்தானே. அழுக்குப் படத்தை அப்படியே காட்டியிருந்தால் அவருக்கும் சந்தேகம் வந்திருக்கும்.

"முடியலக்கா" என்றேன். "இந்தப் போட்டோவ வச்சிக்கிட்டு யாராலயும் முடியாது. எந்திரிங்க, போவோம்."

"எங்க?"

"உங்க வீட்டுக்குத்தான். சீட்ட நானே பாக்கணும்."

மருந்துக் கடைக்காரரிடம் மேசையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். அக்கா கூடையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். என் மழைக்கோட்டு எனக்கே போதாது, அவருக்குக் கறுப்புக் குடை இருந்தது. வண்டியில் குடையை விரிக்க வேண்டாம் என்று நான் கத்த, அவர் விரிக்க, காற்று அதைத் திருப்பிவிட, இரண்டு பேரும் தொப்பலாக நனைந்தோம். தலத்தெருவில் என் வீட்டு வழியாகப் போய்த் துணி மாற்றலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நேரத்தைப் பார்த்தேன், நேராகவே போனேன்.

கிளிஞ்சல்மேட்டில் விடியற்காலைக்குப் பிறகு படகுகள் ஏதும் கடலுக்குப் போகவில்லை. ஃபைபர் படகுகள் கவிழ்த்துப் போடப்பட்டு நனைந்துகொண்டிருந்தன. சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒன்று அவருடையது. உள்ளே அவர் கணவர் பிளாஸ்டிக் நாற்காலியில் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார்.

"உக்காருங்கண்ணே, சீட்டு மட்டும் குடுங்க."

மருமகள் கொடுத்தாள். குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. பாவம், பயந்துபோய் நின்றாள், நான் போனில் அந்த அளவுக்குக் கத்தியிருக்கிறேன். "உன்மேல தப்பில்லம்மா" என்று சொல்லிவிட்டுச் சீட்டை வாங்கினேன்.

கண்ணால் பார்த்தாலே போதும்தான். ஆனாலும் டாக்டரம்மா பார்க்கவும் மென்பொருளில் ஏறவும் நல்ல படம் வேண்டும். முதலில் மருமகளிடம் ஒரு காய்ந்த துணி வாங்கிப் பிளாஸ்டிக்கைத் துடைத்தேன், மணலும் மீன் செதிலும் வந்தன. பிறகு என் செல்போனின் கேமராக் கண்ணாடியைத் துடைத்தேன். மழைத்துளி காய்ந்து அதிலும் படலம் கட்டியிருந்தது. மீன் வெட்டும் பலகையைக் கழுவித் துடைத்து வாசல்நிலைக்கு உள்பக்கம், சாரல் படாத இடத்தில் போட்டு, அதன்மேல் சீட்டைப் படுக்க வைத்தேன். டியூப் லைட்டை அணைக்கச் சொன்னேன், ஃபிளாஷையும் அணைத்தேன். வெளிச்சம் பக்கவாட்டில் வாசலிலிருந்து மட்டும் வந்தது. அப்படியும் வெளுத்த வானம் பிளாஸ்டிக்கில் லேசாகத் தெரிந்தது.

"அக்கா, அந்தக் குடைய விரிச்சு என் தலைக்கு மேல, கொஞ்சம் வாசல் பக்கமா சாச்சுப் பிடிங்க."

"வீட்டுக்குள்ளயா?"

"உள்ளதான். பிடிங்க."

குடையின் கறுப்பு சீட்டின் பிளாஸ்டிக் மேல் விழுந்ததும் வானம் மறைந்தது, எழுத்து எழுந்து வந்தது. மண்டியிட்டு, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, செல்போனைச் சீட்டுக்கு நேர் மேலே சாயாமல் பிடித்தேன். மருந்து வரிகள் இருந்த இடத்தைத் திரையில் தொட்டு, அது தெளியும்வரை காத்திருந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். முழுப் பக்கம் ஒன்று, மருந்துப் பகுதி மட்டும் அருகில் ஒன்று.

பிறகு குனிந்து சீட்டையே படித்தேன். 12.5 மைக்ரோகிராம். புள்ளி இருந்தது. நகத்தால் பிளாஸ்டிக்கைத் தடவிப் பார்த்தேன். மற்ற பொட்டுகள் நகத்தில் தட்டின, இது தட்டவில்லை. தாளிலேயே அச்சானது. புதிதாக ஆரம்பித்தது என்றும் பக்கத்தில் எழுதியிருந்தது.

அந்த நிம்மதியில் எழுந்திருக்கத்தான் போனேன். குடையைப் பிடித்துக்கொண்டிருந்தவரின் நிழல் சீட்டின் மேல் விழ, ஒழுங்காகப் பிடிக்கச் சொல்ல நிமிர்ந்தபோது, காலையில் அவர் சொன்ன ஏழு நினைவுக்கு வந்தது, மறுபடி குனிந்து விரலை வரிகளின் மேல் வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது வரியில் நான் காலையில் படிக்காத ஒரு பெயர் இருந்தது. மறுபடி மேலிருந்து எண்ணினேன்.

ஏழு.

வெள்ளைப் பட்டை படுத்திருந்தது சரியாக அந்த வரியின் மேல். காலையில் அந்தப் பட்டையை என் கண்ணாலேயே பார்த்தேன். அதற்கு அடியில் ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தவள் நான். ஆனால் தாள் முழுக்க வெள்ளையாக்கியபோது பட்டையும் தாளும் ஒரே வெள்ளையாகி, இரண்டு வரிகளுக்கு நடுவே கொஞ்சம் அதிகமாக விட்ட இடம்போல் ஆகிவிட்டது. பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் படித்த கட்டத்துக்குத்தான். இல்லாத வரிக்கு மென்பொருள் என்ன நிறம் காட்டும்? ஒரு புள்ளிக்காக இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டிய எனக்கு ஒரு முழு வரி போனது தெரியவில்லை.

எனக்கு அந்த மருந்தின் பெயர் தெரியும், கிளினிக்கில் எத்தனையோ தடவை ஏற்றியிருக்கிறேன். உள்ளே வைத்த ஸ்டென்ட்டில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளாமல் காப்பது. படத்தை அனுப்பிவிட்டு டாக்டரம்மாவை அழைத்தேன்.

"மேடம், பன்னெண்டரை. ஆனா இன்னொரு மாத்திரை இருக்கு, காலைல நான் பாத்த படத்துல அதுவே இல்ல." பெயரைச் சொன்னேன்.

"அத ஒரு நாள்கூட விடக்கூடாது. நேத்து போட்டாராமா?"

"நேத்து போட்டாச்சாம். இன்னைக்குக் காலைல போடல."

"இப்ப எழுதி அனுப்பறேன். வாங்குனதும் போடச் சொல்லுங்க. மூச்சு வாங்குது, நெஞ்சு வலின்னு எதாவது சொன்னா என்ன கூப்புட வேணாம், நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்லவேளை போனீங்க" என்றார்.

நல்லவேளை என்று என்னால் நினைக்க முடியவில்லை. நான் போனது வேறொன்றுக்காக. அந்தச் சாம்பல் பொட்டு மட்டும் என் கண்ணில் படாமல் இருந்திருந்தால் பொத்தானை அழுத்தியிருப்பேன். ஒரு மாத்திரை பத்து மடங்காகவும், இன்னொன்று இல்லாமலேயும் இந்த வீட்டுக்கு வந்திருக்கும், ஒரு மாதத்துக்கு. நாற்காலியில் போர்வைக்குள் இருந்த மனிதரைப் பார்த்தேன். அவர் என் நனைந்த துணியைப் பார்த்துவிட்டு, மருமகளிடம் துண்டு எடுத்துத் தரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அக்கா" என்றேன். "ஏழுதான்."

"அதத்தான மொதல்லயே சொன்னேன்" என்றார் அவர். குடையை மடக்கிக்கொண்டிருந்தார். சொல்லிக்காட்டும் தொனியே இல்லை. "சரி, மாத்திரை வாங்கப் போவோமா?"

வரும் வழியில் ஸ்கூட்டரில் நான் அழுதேன். மழை பெய்ததால் அவருக்குத் தெரிந்திருக்காது. மருந்துக் கடையில் ஏழு மருந்துகளையும் வாங்கி, ஒவ்வொன்றின் அட்டையையும் சீட்டின் வரியோடு வைத்துப் பார்த்து, மருந்துக் கடைக்காரரையும் ஒருமுறை எண்ணவைத்து, அக்காவிடம் கொடுத்தேன். அவரைப் பஸ்ஸுக்கு விடவில்லை, நானே கொண்டுபோய் விட்டேன். நான் பார்க்க அவர் கணவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகும் படத்தைத் தேற்றுகிறேன், கோணலையும் நிழலையும் சரிசெய்கிறேன். அந்தக் கைவேலையில் எனக்கு இன்னும் ஆசை உண்டு. ஆனால் பொட்டுத் துடைக்கும் வசதியை நிரந்தரமாக அணைத்துவிட்டேன். வந்த படத்தை அழிப்பதில்லை, தேற்றியதோடு பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்க்கிறேன். மருந்துப் பகுதியின் மேல் வெள்ளை விழுந்திருந்தாலோ, எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்திருந்தாலோ, ஓரம் வெட்டுப்பட்டிருந்தாலோ கையே வைப்பதில்லை, வேறு படம் கேட்கிறேன். திட்டுகிறார்கள், வாங்கிக்கொள்கிறேன். எத்தனை மாத்திரை என்று படத்தைத் திறப்பதற்கு முன்பே கேட்டு, அந்த எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் மழை விட்டிருந்தது. அந்த அண்ணன் ஆட்டோவில் வந்து இறங்கி, நிதானமாகப் படியேறி வந்தார். அக்கா பின்னால் கூடையோடு வந்தார். இந்த முறை சீட்டையும் கொண்டுவந்திருந்தார், அதைக் கொடுப்பதற்கு முன் கூடைக்குள் கைவிட்டு ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். கூட்டித் தள்ளாமல் சேர்த்துவைத்த காலி அட்டைகள். ஒவ்வொரு மருந்துக்கும் ஒன்றாகப் பொறுக்கி எடுத்து, என் மேசையில் வரிசையாக அடுக்கினார்.

"எண்ணிக்க தங்கச்சி" என்றார்.

நான் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. அவர் முன்னாலேயே, விரல் வைத்து, சத்தமாக எண்ணினேன்.